வருமானம் 80 லட்சம், லாபம் 3 லட்சம்: வாட்டர்ஃபால் சார்ட் கேள்வி பதில்

"அக்கா, எங்கள் தையல் யூனிட் கணக்குக்கு, விற்பனையில் தொடங்கி ஒவ்வொரு செலவாகக் கழித்து லாபத்தில் முடியும் Waterfall சார்ட்டை எக்செல்லில் போட்டேன். லாபம் 3 லட்சம்தான், ஆனால் கடைசிப் பட்டை 33-க்கும் 36-க்கும் நடுவில் அந்தரத்தில் நிற்கிறது."

நீங்கள் அனுப்பிய வரிசையைப் பார்த்தேன். விற்பனை 80, துணி −42, கூலி −14, அங்கே மொத்த லாபம் 24. அப்புறம் வாடகையும் கரண்டும் −6, லாரி −5, அலுவலகச் சம்பளம் −7, இயக்க லாபம் 6. கடைசியாக வட்டி −2, வரி −1, நிகர லாபம் 3. கணக்கில் தப்பே இல்லை. ஆனால் 24, 6, 3 மூன்றும் மொத்தங்கள் என்று எக்செல்லுக்குத் தெரியாது, புதிதாக வந்த பணம் என்று நினைத்து மேலே மேலே கூட்டுகிறது. மூன்றையும் சேர்த்தால் 33. உங்கள் 3 போய் 36-இல் நிற்பது அதனால்தான்.

மொத்த லாபப் பட்டையை ஒரு தடவை கிளிக் செய்தால் எல்லாப் பட்டைகளும் தேர்வாகும், இன்னொரு தடவை கிளிக் செய்தால் அது மட்டும் தேர்வாகும். பிறகு ரைட் கிளிக் செய்து Set as total கொடுங்கள். மற்ற இரண்டுக்கும் இதேதான். மூன்றும் தரையில் வந்து உட்காரும். எப்போது முடித்தாலும் கடைசிப் பட்டையின் உச்சி லாப நஷ்டக் கணக்கின் நிகர லாபத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே யாருக்கும் அனுப்புங்கள்.

"இதற்கெல்லாம் தனி சார்ட் எதற்கு? Stacked Column போட்டு அடிப்பட்டைக்கு No Fill கொடுத்தால் முடிந்தது. நான் பத்து வருஷமாக அப்படித்தான் செய்கிறேன்."

Waterfall வகை எக்செல் 2016-இல்தான் வந்தது, அதற்கு முன்னால் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். கோப்பைத் திறப்பவரிடம் 2013 இருந்தால் இன்றைக்கும் உங்கள் வழிதான் நல்லது. B-யில் தொகை, C-யில் ஓடும் மீதி, D-யில் மறைக்கும் அடி, E-யில் தெரியும் பட்டை:

```
C2: =B2
C3: =C2+B3
D3: =MIN(C2,C3)
E2: =B2
E3: =ABS(B3)
```

மூன்றாம் வரிசைச் சூத்திரங்களைக் கீழே இழுத்துவிடுங்கள். மொத்த வரிசைகளில் மட்டும் B-யைக் காலியாக விட்டு, D-யில் 0, E-யில் அதே வரிசையின் C-யைப் போடுங்கள், இல்லையென்றால் இங்கேயும் மொத்தம் இரண்டு தடவை கூடும். ஆனால் மீதி பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும் மாதத்தில் இது பொய் சொல்லும். அதே யூனிட்டில் துணி 42-க்குப் பதிலாக 56 ஆனது என்று வையுங்கள். வாடகை கழித்தபின் மீதி 4, லாரிக்கு 5 போனதும் −1. லாரிப் பட்டை 4-இலிருந்து −1 வரை இறங்க வேண்டும், உங்கள் சார்ட்டிலோ 0-விலிருந்து 5 வரை ஏறி நிற்கும், ஏனென்றால் Stacked Column நெகட்டிவ்வைக் கீழேயும் பாசிட்டிவ்வை மேலேயும் தனித்தனியாக அடுக்கும். நஷ்டம் வர வாய்ப்பிருந்தால் தொடக்க மீதி, முடிவு மீதி என்று இரண்டு Line தொடர்கள் போட்டு Up/Down Bars சேர்த்து, கோடுகளை மறைத்துவிடுங்கள். மொத்தங்களுக்குத் தொடக்கம் 0. இது பூஜ்ஜியத்தைத் தாண்டினாலும் கலங்காது. ஒரே குறை, ஏறும் பட்டைகள் எல்லாம் ஒரே நிறம்தான், மொத்தத்துக்கு மட்டும் தனி நிறம் கொடுக்க முடியாது.

"எனக்கும் கடைசிப் பட்டை அந்தரத்தில் நிற்கிறது மேடம்."

முதல் பதில். Set as total.

"கூகுள் ஷீட்ஸில் அந்த மெனுவே இல்லையே?"

Customize போய் Series-இல் Add new subtotal. அங்கே மொத்தத்தை சார்ட்டே போடும், அதனால் தரவிலிருந்து மொத்த வரிசைகளை எடுத்துவிடுங்கள்.

"முதல் பட்டை GST சேர்ந்த பில் தொகையா? நான் அப்படிப் போட்டு GST-யை முதல் செலவாகக் கழிக்கிறேன். வங்கியில் வரும் பணம் அதுதானே?"

வேண்டாம். 118 ரூபாய் பில்லில் 18 அரசாங்கத்துடையது, நீங்கள் வாங்கிக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். அதை வருமானத்தில் சேர்த்தால் முதல் பட்டை வீங்கி, லாப விகிதம் குறைவாகத் தெரியும். 100-இல் தொடங்குங்கள்.

"அக்கா, அப்படி எல்லாருக்கும் சொல்லாதீர்கள். நான் சிறு வியாபாரிகளுக்கான GST காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறேன். வாடிக்கையாளரிடம் வரி வாங்கவே கூடாது, என் கையிலிருந்துதான் கட்டுகிறேன்."

நீங்கள் சொல்வது சரி, அதைப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்கு அது செலவு, தனிப் பட்டையாகவே காட்டுங்கள்.

"அப்படியானால் ஆன்லைன் தளம் பிடிக்கும் கமிஷனும் என் கைக்கு வராத பணம்தானே? 100-க்கு விற்றால் 82 வருகிறது. நான் 82-இல்தான் தொடங்குவேன்."

இல்லை, வாடிக்கையாளர் உங்கள் சரக்குக்குக் கொடுத்த விலை 100. கமிஷன் நீங்கள் விற்பதற்குக் கொடுக்கும் விலை. 82-இல் தொடங்கினால் அந்த 18 எங்குமே தெரியாமல் போய்விடும், அடுத்த வருஷம் 22 ஆனாலும் கண்ணில் படாது.

"என் ஆடிட்டர் 82 என்றுதான் எழுதுகிறார்."

அவர் உங்கள் ஒப்பந்தத்தைப் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் அவர் சொல்வதுபோல இருக்கட்டும். நீங்கள் முடிவெடுக்கப் பார்க்கும் சார்ட்டில் மட்டும் 100-இல் தொடங்கி கமிஷனை முதல் பட்டையாக வையுங்கள் என்கிறேன். எப்படித் தொடங்கினாலும் கடைசிப் பட்டை ஒன்றாகத்தான் வர வேண்டும், அதைச் சரிபாருங்கள்.

"கடைசிப் பட்டை 36 என்று..."

முதல் பதிலைப் படியுங்கள்.