‘பெரிய சைஸ்’ என்று போட்டால் பை திரும்பித்தான் வரும்

கேள்வி: அம்மா தைக்கும் கேன்வாஸ் பைகளை ஆன்லைனில் விற்கிறேன். ‘பெரிய சைஸ், ஜிப் உண்டு, லேப்டாப் வைக்கலாம்’ என்று போட்டிருக்கிறேன். பையின் அகலம் 38 செ.மீ. என்னுடைய 14 இஞ்ச் லேப்டாப் தாராளமாகப் போகிறது. ஆனால் ‘சைஸ் சரியில்லை’ என்று பைகள் திரும்பி வந்துகொண்டே இருக்கின்றன. இன்னும் பெரிதாகத் தைக்கச் சொல்லட்டுமா?
- கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: வேண்டாம், எழுதியதை மட்டும் மாற்றுங்கள்.

14 இஞ்ச் என்பது திரையை மூலைக்கு மூலை அளந்த கணக்கு. அந்த லேப்டாப்பின் அகலம் சுமார் 32 செ.மீ.தான். வாங்கியவர்களில் சிலரிடம் 15.6 இஞ்ச் இருந்திருக்கும். அதன் அகலம் சுமார் 36 செ.மீ. 38 செ.மீ. பையில் அதுவும் போகும் என்றுதான் தோன்றும். ஆனால் ஜிப்பின் இரண்டு முனைகளையும் மடித்துத் தைக்கும்போது பக்கத்துக்கு ஒன்றரை செ.மீ. வரை போய்விடும். வாய் 35 செ.மீ.க்குச் சுருங்கும். லேப்டாப் அங்கேயே முட்டி நிற்கும்.

அதனால் ஜிப்பை முழுக்கத் திறந்து, வாயின் உட்பக்கத்தை ஸ்கேல் வைத்து அளங்கள். பிறகு இப்படி எழுதுங்கள்: ‘அகலம் 38, உயரம் 32, ஜிப் வாய் 35 செ.மீ. 14 இஞ்ச் லேப்டாப் வரை போகும். 15.6 இஞ்ச் போகாது.’ அந்தக் கடைசி வரியால் சில ஆர்டர்கள் குறையும். குறையட்டும், அவை எப்படியும் திரும்பி வரப்போகிறவைதான். பையின் மேல் ஒரு ஏ4 தாளை வைத்து ஒரு படமும் எடுத்துப் போடுங்கள்.

சில தளங்களில் படிவமே ‘ஃப்ரீ சைஸ்’ என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பைக்கு எதற்கு ஃப்ரீ சைஸ்? விற்பவரைக் குழப்பிவிட்டு, ரிட்டர்ன் செலவையும் அவர் தலையிலேயே கட்டுவது எரிச்சலாக இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தாலும், அளவுகளை விவரத்தின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.

‘லிஸ்டிங் போட்டுத் தருகிறோம்’ என்று பணம் கேட்டு வருகிறவர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். வேறொருவர் பையின் விவரத்தை அளவோடு சேர்த்து அப்படியே ஒட்டிவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால் திருப்பி எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. அப்போது மாட்டுவது நீங்கள்தான், அந்த ஆள் இருக்கமாட்டார்.

இன்னொன்று, துணி. நனைக்காத பருத்தி கேன்வாஸ் முதல் துவையலிலேயே சுருங்கும். நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினாலே உங்கள் பையில் ஏறக்குறைய 2 செ.மீ. போய்விடும். அம்மா துணியை நனைத்துக் காயவைத்து வெட்டுகிறாரென்றால் இந்தக் கவலை பெரிதாக இல்லை. கடையில் வாங்கி அப்படியே வெட்டினால், ஒரு பையைத் துவைத்துக் காயவைத்து அளந்து, அந்த அளவையே போடுங்கள். பாலியெஸ்டருக்கு இதெல்லாம் தேவையில்லை.

திரும்பி வந்த பைகளில் அழுக்கோ கிழிசலோ இல்லையென்றால், ‘14 இஞ்ச் லேப்டாப் பை’ என்று தலைப்பை மாற்றி அதே விலைக்குப் போடலாம்.