மாங்காய் ஊறுகாய் ஏன் பூஞ்சை பிடிக்கிறது?

"ஒவ்வொரு முறையும் மாங்காய் ஊறுகாயில் ஒரே மாதத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படர்கிறது. எண்ணெய் நிறையத்தான் ஊற்றுகிறேன். எங்கே தவறுகிறேன்?"

எண்ணெய் கிருமியைக் கொல்லாது, காற்றைத்தான் தடுக்கும். காப்பது உப்பும் புளிப்பும்தான். அதனால் நல்ல புளிப்புள்ள, கெட்டியான காயாக எடுங்கள். கழுவித் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே வெட்டுங்கள்.

ஒரு கிலோ துண்டுக்கு 180 கிராம் கல்லுப்பை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்துச் சேருங்கள். உப்பைக் கப்பில் அளக்காமல் எடை போடுங்கள்; கல்லுப்பு ஒரு கப் தூள் உப்பைவிட எடை குறைவு. பலருக்கு உப்பு குறைவது இங்கேதான். மறுநாள் ஊறி வரும் நீரைக் கொட்டிவிடாதீர்கள், உப்பும் புளிப்பும் அதில்தான் இருக்கின்றன.

அப்புறம் ஜாடி. வெந்நீரில் கழுவி ஒரு நாள் வெயிலில் காய வையுங்கள். மூடியின் மரையில் ஈரம் ஒளிந்திருக்கும். கண்ணாடி ஜாடி என்றால் அதை இறுக மூடி, அரை மணி நேரம் வெயிலில் வைத்துப் பாருங்கள். உள்ளே ஆவி படிந்தால் இன்னும் காயவில்லை.

மசாலா கலந்து ஜாடியில் அழுத்தி நிரப்பி, காய்ச்சி முழுக்க ஆறவைத்த நல்லெண்ணெய் 300 மில்லி ஊற்றுங்கள். துண்டுகள் எண்ணெயைக் குடித்துவிடும். மூன்றாம் நாள் திறந்து பார்த்து, துண்டுகளுக்கு மேல் ஒரு விரல்கடை எண்ணெய் நிற்கும்வரை மீண்டும் காய்ச்சி ஆற்றி ஊற்றுங்கள். எண்ணெய்க்கு வெளியே தலை நீட்டும் துண்டில்தான் பூஞ்சை தொடங்கும்.

உப்பு குறைத்துத்தான் வேண்டுமென்றால் ஊறுகாயையே கொஞ்சமாகப் போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து சில வாரங்களில் தீர்த்துவிடுங்கள். பூஞ்சை வந்ததை மேலாக வழித்துவிட்டுச் சாப்பிட வேண்டாம், முழுவதையும் கொட்டிவிடுங்கள்.