மகள் சந்தைப்படுத்தல் படித்தால் அரச வேலை கிடைக்காதா?

அன்புள்ள ஐயா,

உயர்தர வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்த மகள் சந்தைப்படுத்தல் படிக்க ஆசைப்படுகிறார், "சவர்க்காரம் விற்கவா படிக்கப் போகிறாய்?" என்று வீட்டில் சண்டை என எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விரும்பும் அரச உத்தியோகத்துக்குள்ளேயே அந்தப் படிப்புக்கு வேலை கிடக்கிறது. வன்னியில் அதைச் செய்ய ஆட்கள்தான் போதாது.

அரசாங்கம் ஒரு நலன்புரித் திட்டத்தை அறிவிக்கிறது. தகுதியுள்ள குடும்பம் அதை அடையாளம் கண்டு, நம்பி, படிவம் நிரப்பி, பணத்தை எடுக்க வேண்டும். இதில் எங்கே அறுந்தாலும் கொழும்பில் ஒதுக்கிய பணம் முத்தையன்கட்டில் உள்ள விதவைத் தாய்க்கு வந்து சேராது. இந்தத் தொடரைக் கட்டுவதும் சந்தைப்படுத்தல்தான்.

இந்த நலன்புரித் திட்டங்களின் பெயர்களைப் பாருங்கள். 1989இல் ஜனசவிய. 1995இல் சமுர்த்தி. 2013இல் ஒரு சட்டத்தின் மூலம் திவிநெகும, பின்னர் மறுபடியும் சமுர்த்தி. 2023இல் அஸ்வெசும. ஆட்சியோடு பெயரும் மாறினால் சனம் பெயரை நம்பாது, பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆளைத்தான் நம்பும். விதானையார் நல்லவர் என்றால் திட்டமும் நல்லது, அவர் இடமாற்றலாகிப் போனால் திட்டமும் போயிற்று. 2024இல் ஆட்சி மாறியும் அஸ்வெசும என்ற பெயர் நீடித்தது. அது சின்ன விடயம் அல்ல.

வன்னிக்கு இன்னொரு சுமையும் உண்டு. இடம்பெயர்ந்த ஒவ்வொரு இடத்திலும் பதிவு, முகாமில் பதிவு, மீள்குடியேறும்போது பதிவு, தொண்டு நிறுவனங்களின் பதிவு என்று இந்தச் சனம் பதிந்து களைத்துவிட்டது. அதன் பிறகு நுண்நிதிக் கம்பனிகள் வந்தன. அவர்களும் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள், அட்டை தொங்கவிட்டிருந்தார்கள், அடையாள அட்டை இலக்கம் கேட்டார்கள். ஆகவே கையில் டப்லெட்டுடன் கணக்கெடுக்க வரும் உத்தியோகத்தரைக் கண்டு ஒரு பெண் படலையைத் திறக்கத் தயங்கினால் அதை அறியாமை என்று சொல்ல முடியாது. பட்ட அனுபவம் அது. இங்கே ஒரு திட்டத்தின் அடையாளம், "இது கடன் அல்ல, திருப்பிக் கட்டத் தேவையில்லை" என்பதைப் படலையிலேயே சொல்லிவிட வேண்டும். இலச்சினை அழகாக இருப்பது அதற்குப் பிறகுதான்.

இதற்கு நேர்மாறாக 1990 இலவச அம்புலன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கி, 2018இல் வடக்குக்கு வந்தது. சுவசெரிய என்ற பெயர் வாயில் நுழையாதவர்களும் "1990க்கு அடியுங்கோ" என்கிறார்கள். இலக்கமே பெயர், வாகனமே விளம்பரம். கூப்பிட்டால் வருகிறது, காசு கேட்பதில்லை.

ஆனால் அதை அப்படியே அஸ்வெசுமவுக்குப் பிரதி எடுக்க முடியாது. மகள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டிய இடம் இது. அம்புலன்ஸ் "நீ ஏழையா?" என்று யாரையும் கேட்பதில்லை. அஸ்வெசும 22 குறிகாட்டிகளை வைத்து, கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு என்றெல்லாம் அளந்து, சிலரைச் சேர்க்கிறது, சிலரை விடுகிறது. பணம் கிடைத்தவர் பேசாமல் இருப்பார். கிடைக்காதவர் கிணற்றடியிலும் சங்கக்கடையிலும் பேசுவார். ஊரில் அந்தத் திட்டத்துக்கு நல்ல பெயரா கெட்ட பெயரா என்று தீர்மானிப்பது அவர்தான். "எனக்கு ஏன் இல்லை?" என்ற கேள்விக்கு அவருக்கு எழுத்தில் பதில் கிடைக்காவிட்டால், "தெரிந்தவர்களுக்குத்தான் கொடுக்கிறார்கள்" என்று அவரே ஒரு பதிலை உருவாக்கிவிடுவார். அடுத்த சுற்றில் பக்கத்து வீட்டுக்காரியும் படிவம் எடுக்க மாட்டார்.

எனவே சுவரொட்டியை விட மறுப்பு அறிவித்தலுக்குத்தான் அதிக உழைப்பு தேவை. அலுவலகங்களில் வழக்கமாக ஒட்டப்படும் பாணி இது: "மேற்படி திட்டத்தின் கீழ் தகைமையற்றோராக இனங்காணப்பட்டோர் குறித்துரைக்கப்பட்ட காலப்பகுதியினுள் தமது மேன்முறையீடுகளைச் சமர்ப்பிக்குமாறு இத்தால் அறிவிக்கப்படுகின்றனர்." எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு தாய் இதைப் பாதி வாசித்துவிட்டுத் திரும்பிவிடுவார். உங்கள் மகள் எழுதினால் இப்படி இருக்க வேண்டும்: "பட்டியலில் உங்கள் பெயர் இல்லையா? இந்தத் திகதிக்குள் மேன்முறையீடு செய்யலாம். அடையாள அட்டையைக் கொண்டு கிராம அலுவலரிடம் வாருங்கள். இதற்குக் காசு இல்லை. வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தை நாங்கள் கேட்க மாட்டோம்." கடைசி வரியை விடவே கூடாது. திட்டத்தின் பெயரைச் சொல்லி ஏமாற்றுபவன் கேட்பது அந்த இலக்கத்தைத்தான்.

எழுதியது வேலை செய்கிறதா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. மாதர் சங்கக் கூட்டம் முடிந்ததும் பத்துப் பெண்களைத் தனித்தனியே கூப்பிட்டு, அறிவித்தலை அரை நிமிடம் காட்டிவிட்டு எடுத்துவிட வேண்டும். பிறகு மூன்றே கேள்விகள்: இதைத் தருவது யார்? நீங்கள் என்ன செய்ய வேண்டும்? எங்கே போக வேண்டும்? முதல் கேள்விக்கு ஓர் அரசியல்வாதியின் பெயர் வந்தால் அறிவித்தலில் அவருடைய படம் பெரிதாகிவிட்டது. ஏதாவது கடன் கம்பனியின் பெயர் வந்தால் நிறமும் அமைப்பும் அவர்களுடையதைப் போல இருக்கின்றன. மூன்றாவது கேள்விக்குப் பாதிப் பேர் தடுமாறினால், எவ்வளவு அச்சடித்து ஒட்டினாலும் பிரதேச செயலகத்தில் வீண் வரிசைதான் நீளும். "கூட்டத்தில் எல்லாருக்கும் விளங்கியதா?" என்று கேட்டு, தலையாட்டியவர்களை எண்ணுவதெல்லாம் பரீட்சை ஆகாது. நம் சனம் மரியாதைக்காகவும் தலையாட்டும்.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நலன்புரித் திட்டங்களைச் சந்தைப்படுத்துபவர் என்ற பெயரில் அரச சேவையில் தனிப் பதவி இல்லை. திட்டத்தின் பெயரையும் இலச்சினையையும் கொழும்பில்தான் தீர்மானிப்பார்கள். உங்கள் மகள் பட்டதாரி அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ, போட்டிப் பரீட்சை எழுதிக் கிராம அலுவலராகவோ வந்தால், அவருடைய கைக்குள் இருப்பது தன் பிரிவின் அறிவித்தல் பலகை, படிவம் வாங்கும் மேசை, முறைப்பாட்டுக்குப் பதில் சொல்லும் நாள் ஆகியவைதான். வெள்ளிக்கிழமை பதில் தருவேன் என்றால் வெள்ளிக்கிழமை தர வேண்டும், இல்லை என்ற பதிலாக இருந்தாலும். ஐக்கிய நாடுகள் நிறுவனங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் தொடர்பாடல் பிரிவு என்று தனியாக உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். உங்களுக்கு ஓய்வூதியம் முக்கியம் என்றால் அதையும் யோசியுங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்துக்கொண்டே சந்தைப்படுத்தலைச் சிறப்புத் துறையாக எடுக்கலாம். 2021இல் வளாகமாக இருந்து தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் வியாபாரக் கற்கைகள் பீடம் இருக்கிறது, வீட்டுக்கும் கிட்ட. இசட் புள்ளியைப் பார்த்து வரிசையைத் தீர்மானிப்போம். விண்ணப்பத்தில் இரண்டையும் போடச் சொல்லுங்கள்.

அனுமதி வரும்வரை வீட்டில் சும்மா இருக்க வேண்டாம். சுற்றறிக்கைகள் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்பட்டு மொழிபெயர்ந்தே நம்மிடம் வருகின்றன. மூலத்தை வாசித்து நேரே நல்ல தமிழில் எழுதத் தெரிந்தவரை எந்த அலுவலகமும் விடாது. ஆகவே சிங்கள வகுப்பில் சேர்த்துவிடுங்கள். உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒட்டியிருக்கும் அறிவித்தல்களைக் கைபேசியில் படம் எடுத்து, அவற்றில் ஒன்றைத் திருத்தி எழுதி, மேலே சொன்ன மூன்று கேள்விகளை அயலில் பத்துப் பேரிடம் கேட்டுப் பதில்களைக் குறித்து வைக்கட்டும். நேர்முகத் தேர்வில் சான்றிதழ்களுக்கு அடியில் அந்தத் தாள்களையும் வைக்கலாம். அடுத்த முறை என்னிடம் வரும்போது இருவரும் வாருங்கள், தாள்களையும் கொண்டு வாருங்கள்.