காமா ஸ்கால்ப்பிங்: எந்த நகர்வு காசாகிறது?

கேள்வி: ஸ்ட்ராடில் வாங்கி, தினமும் டெல்டாவைச் சரிசெய்துகொண்டே வந்தேன். விலை பத்து சதவீதம் ஏறியது. அப்படியும் லாபம் ஒன்றுமில்லை. ஏன்?

பதில்:

விலை மொத்தமாக எவ்வளவு தூரம் போனது என்பது உங்கள் கணக்கில் வரவே இல்லை. டெல்டாவைச் சரிசெய்யும் ஒரு ஹெட்ஜுக்கும் அடுத்த ஹெட்ஜுக்கும் இடையில் எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் வந்தது. எண்களை வைத்தே பார்ப்போம்.

பங்கு விலை 1000, ஆப்ஷன் விலைக்குள் அடங்கியிருக்கும் எதிர்பார்ப்பு ஆட்டமான ஐவி 16 சதவீதம், எக்ஸ்பைரிக்கு 21 வர்த்தக நாள். வட்டியை விட்டுவிடலாம். 1000 ஸ்ட்ரைக்கில் காலும் புட்டும் சேர்ந்து சுமார் 37 ஆகும். இதில் 100 ஸ்ட்ராடில் வாங்குகிறோம். ஆண்டுக்கு 16 சதவீதம் என்பதை 252-இன் வர்க்கமூலத்தால் (கிட்டத்தட்ட 16) வகுத்தால் நாளுக்கு 1 சதவீதம், அதாவது 10 புள்ளி. தினமும் இவ்வளவு ஆடும் என்ற கணக்கில்தான் விற்றவர் உங்களிடம் பிரீமியம் வாங்கியிருக்கிறார்.

டெல்டா என்பது விலை ஒரு புள்ளி ஏறினால் உங்களுக்குக் கிடைப்பது; முதலில் அது ஏறத்தாழ பூஜ்யம். விலை 1010-க்குப் போனதும் அது +17 ஆகிறது. 17 பங்கு விற்கிறீர்கள். மறுபடி 1000-க்கு வந்தால் அந்த 17-ஐத் திரும்ப வாங்குகிறீர்கள். கையில் 170 லாபம்; இதுதான் காமா ஸ்கால்ப்பிங். போன 10 புள்ளிக்குப் பாதி, வந்த 10 புள்ளிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நகர்வுக்குச் சுமார் 86. நாள் கழிவதாலேயே பிரீமியம் கரைவது தீட்டா; அதில் ஒரு நாளைக்குப் போவது 88. ஆக 10 புள்ளி ஆடினால் வரவும் செலவும் சரிக்குச் சரி. 20 புள்ளி ஆடினால் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு: சுமார் 345. வெறும் 5 புள்ளி என்றால் 22-தான். நகர்வின் வர்க்கம்தான் காசாகிறது.

இப்போது உங்கள் கதைக்கு வருவோம். விலை தினமும் 10 புள்ளி வீதம் பத்து நாள் ஏறி 1100-க்கு வந்துவிட்டது என்று வையுங்கள். ஸ்ட்ராடிலின் விலை இப்போது சுமார் 100. ஒன்றுக்கு 63 லாபம், மொத்தம் 6300. பார்க்க அமோகம். ஆனால் தினமும் முடிவில் டெல்டாவைச் சமன் செய்ய விற்றுக்கொண்டே வந்தீர்களே, அந்தப் பங்குகளில் நஷ்டமும் கிட்டத்தட்ட அதே 6300! பத்து சதவீத ஓட்டம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும், தினசரி அளவில் அது ஐவி சொன்ன 1 சதவீதத்தைத் தாண்டவே இல்லை.

இதே ஓட்டத்தில் 50 புள்ளிக்கு ஒரு முறை மட்டும் ஹெட்ஜ் செய்திருந்தால், ஹெட்ஜ் நஷ்டம் 4000 அளவில் நின்று, 2300 கையில் தங்கியிருக்கும். சரி, அப்படியானால் எப்போதும் இடைவெளியை அகலமாக வைக்கலாமா? முடியாது. விலை 1000-க்கும் 1015-க்கும் இடையில் நாள்தோறும் ஊஞ்சலாடுகிறது என்றால், தினமும் ஹெட்ஜ் செய்பவருக்கு ஆரம்ப நாட்களில் தீட்டா போக நாளுக்கு நூறு அளவில் நிற்கும். 50 புள்ளிக்குக் காத்திருப்பவருக்குத் தீட்டா மட்டும்தான். ரொம்ப நெருக்கமாகச் செய்தால் தரகும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசமும் தின்றுவிடும். நாளுக்குள் எழுந்து விழுந்து அதே இடத்தில் முடியும் சந்தையா, ஒரே பக்கம் இழுக்கும் சந்தையா என்று நீங்கள் எடுக்கும் முடிவு, ஹெட்ஜ் இடைவெளிக்குள் ஒளிந்திருக்கிறது. டெல்டா நியூட்ரல் என்றால் சந்தையைப் பற்றிக் கருத்தே வேண்டாம் என்பவர்களை நான் நம்புவதில்லை.

இன்னொன்று. 1100-இல் 11 நாள் மீதி இருக்கும்போது உங்கள் காமா, அதாவது விலை நகரும்போது டெல்டா மாறும் வேகம், ஆரம்பத்தில் இருந்ததில் கிட்டத்தட்ட ஐம்பதில் ஒரு பங்குதான். அதன்பின் சந்தை அங்கே எவ்வளவு குதித்தாலும் உங்களுக்கு வருவது சொற்பம் (தீட்டாவும் சொற்பம்தான்). அந்த ஆட்டம் வேண்டுமென்றால் பழையதை விற்றுவிட்டு 1100 ஸ்ட்ரைக்குக்கு மாற வேண்டும். அதற்கு அன்றைய ஐவியைக் கொடுத்தாக வேண்டும்.

அப்புறம், வாங்கிய உடனே ஐவி 16-இலிருந்து 14-க்கு இறங்கினால் சுமார் 460 குறைந்து காட்டும். ஐந்து நாள் தீட்டா அது. எக்ஸ்பைரி வரை ஹெட்ஜ் செய்துகொண்டே போனால் கடைசிக் கணக்கை நிர்ணயிப்பது நிஜ ஆட்டம்தான். ஆனால் நடுவில் மார்ஜினுக்காக வெளியேற நேர்ந்தால் அந்த 460 நிஜ நஷ்டம்.

உங்கள் டிரேடைச் சோதிக்க ஒரு வழி: ஹெட்ஜ் செய்த விலைகளை வரிசையாக எழுதி, அடுத்தடுத்த விலைகளுக்கு இடையிலான சதவீத மாற்றங்களை வர்க்கமாக்கிக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகையை எத்தனை வர்த்தக நாள் ஆனதோ அதால் வகுத்து, 252-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். வருவது நீங்கள் பிடித்த ஆட்டம். வாங்கிய ஐவிக்குக் கீழே அது இருந்தால், சார்ட் எப்படித் தெரிந்தாலும் லாபம் வந்திருக்க வாய்ப்பு குறைவு.