தாமதத்தைச் சொல்லும் மெயிலில் சிரிப்பு முகம்

"ஒரு நிறுவனத்துக்கு வலைத்தளம் வடிவமைத்துத் தருகிறோம். அங்கே என்னோடு தொடர்பில் இருக்கும் பெண் எப்போதும் ஸ்மைலி போட்டுத்தான் எழுதுவார். வேலை தள்ளிப்போனபோது நானும், 'சாரி, கொஞ்சம் லேட் ஆயிடுச்சு 😅 எங்க டீம் இன்னும் தூங்கிட்டிருக்கு போல! சீக்கிரம் அனுப்பிடறோம்' என்று எழுதினேன். அவருடைய மேலாளரிடமிருந்து கடுமையான பதில் வந்தது. எமோஜியே போடக் கூடாதா?"

போடலாம். இந்த மெயிலில் போட்டிருக்கக் கூடாது. தாமதம் என்றதும் அந்தப் பெண் தன் மேலாளருக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். அதற்கு உங்கள் மெயிலை அப்படியே ஃபார்வர்டு செய்திருப்பார். உங்கள் இருவருக்கும் இடையிலான சகஜம் மேலாளருக்குத் தெரியாது. நீங்கள் சங்கடத்தைக் காட்டப் போட்ட 😅, அவர் கண்ணுக்குச் சிரிப்பு. தூக்க ஜோக்கோ, உங்கள் டீம் வேலை செய்யவில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிட்டது.

என்னைக் கேட்டால், இவற்றைவிடப் பெரிய தவறு அந்த 'சீக்கிரம்'. பேச்சுநடையில் எழுதும்போது தேதி சொல்லாமல் விட்டது நமக்கே உறைப்பதில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டதோ அந்தத் தேதிதான். இப்படி எழுதியிருக்கலாம்:

"வியாழக்கிழமை தருவதாகச் சொன்ன முகப்புப் பக்கம் இன்னும் தயாராகவில்லை. படங்களின் அளவை மாற்ற வேண்டியிருப்பதால் இரண்டு வேலைநாட்கள் கூடுதலாகின்றன. திங்கள் மாலை 5 மணிக்குள் அனுப்பிவிடுகிறோம். தாமதத்துக்கு மன்னிக்கவும்."

இதை யாருக்கு ஃபார்வர்டு செய்தாலும் பொருள் மாறாது. சொன்னபடி திங்களன்று அனுப்பி, அவர் "சூப்பர் 😊" என்று எழுதினால், "மகிழ்ச்சி 😊" என்று தாராளமாகப் பதில் போடுங்கள். எமோஜி உண்மையில் உதவுவது இங்கேதான். ஒற்றை வரிப் பதில்கள் எழுத்தில் வெடுக்கென்று ஒலிக்கும்; எமோஜி அந்த உரசலைக் குறைக்கும். ஆனால் முதலில் போடுவது அவராக இருக்கட்டும். பணம், தேதி, தவறு என்ற மூன்றில் ஏதாவது மெயிலில் இருந்தால், அவர் போட்டிருந்தாலும் நீங்கள் போட வேண்டாம்.

அறிமுகமில்லாதவருக்கு எழுதும் முதல் மெயிலிலும் தவிருங்கள். எலா கிளிக்சனும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் அலுவலக மெயிலில் வரும் ஸ்மைலி எழுதியவரின் அன்பைக் கூட்டிக் காட்டவில்லை. திறமையைத்தான் குறைத்துக் காட்டியது.

👍 விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில், தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று ஆளிவிதை ஒப்பந்தத்தைப் படமெடுத்து ஒரு விவசாயியின் செல்பேசிக்கு அனுப்பியது. அவர் 👍 மட்டும் போட்டார். பிறகு ஆளிவிதையை அவர் தராததால் நிறுவனம் வழக்குப் போட்டபோது, 'கிடைத்தது' என்ற பொருளில்தான் போட்டேன் என்று வாதாடினார். அவர்களுக்கிடையே முன்பு நடந்த வியாபாரப் பழக்கத்தையும் பார்த்த நீதிமன்றம், அதை ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டு, 2023-இல் சுமார் 82,000 கனடா டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. ஆகவே விலைப்பட்டியலோ ஒப்பந்தமோ வந்தால், "கிடைத்தது, படித்துவிட்டு புதன்கிழமைக்குள் பதில் சொல்கிறேன்" என்று எழுத்திலேயே அனுப்புங்கள்.