ரியாத் அலுவலகத்தில் பெண்களிடம் கை நீட்டலாமா?

கேள்வி: அடுத்த மாதம் ரியாத்தில் வேலைக்குச் சேர்கிறேன். அங்குள்ள சவுதிப் பெண் ஊழியர்களுக்குக் கை கொடுப்பதா, தலையசைப்பதா, வெறும் வணக்கம் போதுமா?

ஆணாக இருந்தால் நீங்களாகக் கை நீட்ட வேண்டாம், முடிவை அவரிடம் விட்டுவிடுங்கள். ஓரடி தள்ளி நின்று "அஸ்ஸலாமு அலைக்கும்" சொல்லி, வலது கையை நெஞ்சில் வைத்து லேசாகத் தலையசைத்தால் போதும், அதுவே அங்கே முழு மரியாதை. சிலர், குறிப்பாக வெளிநாட்டில் படித்தவர்கள், தாங்களே கை நீட்டுவார்கள். அப்போது மெதுவாகப் பிடித்து உடனே விட்டுவிடுங்கள். முகத்திரை போட்டவர் கண்டிப்பாகக் கொடுக்க மாட்டார், போடாதவர் கொடுப்பார் என்றெல்லாம் கணக்குப் போடாதீர்கள்.

பழக்கதோஷத்தில் கை நீண்டுவிட்டது, அவர் தன் கையை நெஞ்சில் வைத்துவிட்டார் என்றால் அது அவமானம் இல்லை, அந்நிய ஆணைத் தொடாத மார்க்கப் பழக்கம். உங்கள் கையையும் அப்படியே நெஞ்சுக்குக் கொண்டுபோய்ப் பேச்சைத் தொடருங்கள். நாலு தடவை மன்னிப்புக் கேட்டால்தான் அவருக்குச் சங்கடம்.

கடைத்தெருவில் சக ஊழியர் மனைவியோடு எதிரே வந்தால் கை அவருக்கு மட்டும்தான். மனைவி பக்கம் பொதுவாக ஒரு சலாம், அதுவும் அவர் அறிமுகம் செய்தால். மறுநாள் "வீட்டில் எல்லாரும் நலமா" என்று கேட்கலாம், மனைவியின் பெயரைச் சொல்லி விசாரிக்கக் கூடாது.