சம்பளப் புத்தகத்தில் கூடின தொகையைப் போட்டுக் கையெழுத்து வைக்கச் சொல்கிறார்கள், கையில் தருவது குறைவு. வைக்கலாமா?

நீங்களும் கடையில்தான் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் நின்றவள்.

2025 ஏப்ரலில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாய் ஆனது. எங்கள் புத்தகத்திலும் உடனே 27,000 ஏறியது. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு எங்கள் பங்கு 8 வீதம், 2,160 ரூபாய். அதைக் கழித்து 24,840 என்று எழுதி, எதிரே கையெழுத்து வாங்கினார்கள். கவரைப் பிரித்தால் 21,600.

"அண்ணா, காசு குறையுது" என்றேன்.

"அது லேபருக்குக் காட்டுறதுக்குத் தங்கச்சி, நீங்க சைன் பண்ணுங்கோ" என்றார் கணக்குப் பிள்ளை.

குறைந்த 3,240 ரூபாய் என்ன கணக்கு என்று வீட்டில் போட்டுப் பார்த்தேன். 27,000இல் சரியாக 12 வீதம். சேமலாப நிதிக்கு முதலாளி தன் காசில் கட்ட வேண்டிய பங்கு அது. அதை எங்கள் சம்பளத்தில் வெட்டச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் நிதிக்குக் காசு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. தொழில் உத்தியோகத்தர் வந்து பார்த்தாலும் புத்தகமும் நிதிக் கணக்கும் ஒத்துப்போகும். எங்கள் கையெழுத்து இருக்கும்வரை குறை எதுவும் தெரியாது.

"கையெழுத்து வைத்துவிட்டு ஏன் அழுகிறாய்" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். வாடகையும் பிள்ளையின் பள்ளிச் செலவும் இருப்பவள் மறுநாளே வேலையை விட முடியாது. எல்லா முதலாளிகளும் இப்படி என்றும் நான் சொல்லவில்லை.

அடுத்த மாதம் கையெழுத்தின் பக்கத்திலேயே "கையில் பெற்றது 21,600" என்று எழுதி, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்தேன். கணக்குப் பிள்ளை "21,600 எடுத்து வச்சிருக்கு, வாங்கோ" என்று வாட்ஸ்அப்பில் போட்ட செய்தியையும் அழிக்காமல் வைத்திருந்தேன். பிறகு நானும் இன்னொரு அக்காவும் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்குப் போனோம். விசாரிக்க வந்த உத்தியோகத்தர் கடையில் நின்றவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, கையில் எவ்வளவு கிடைத்தது என்று கேட்டார். எல்லோரும் 21,600 என்றே சொன்னார்கள். அதற்குப் பிறகு முதலாளியால் புத்தகத்தைக் காட்டித் தப்ப முடியவில்லை. நிலுவையைத் தவணையாகத் தந்தார். அடுத்த சம்பளத்திலிருந்து வங்கியில் போட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலையிலிருந்து இரவுவரை நிற்கிற பெண்களுக்கு ஒரு ஸ்டூல் போட அந்தக் கடையில் மனம் வரவில்லை. வாடிக்கையாளருக்கு மட்டும் கதிரையும் குளிர்பானமும். கால் வீங்கி வீட்டுக்குப் போகிறவளிடம்தான் அந்த 3,240ஐயும் எடுத்தார்கள்.

நீங்கள் கையெழுத்து வைக்க வேண்டிய நிலையில் இருந்தால், கிடைத்த தொகையை உங்கள் கையாலேயே பக்கத்தில் எழுதுங்கள். எழுத விடாவிட்டால், அன்றைக்கே திகதியோடு வேறு கொப்பியில் எழுதி, கூட வேலை செய்பவரிடமும் எழுதச் சொல்லுங்கள்.